சத்யம் சரிந்த நாளில் சந்தை தோற்றதா?

2009 ஜனவரி 7, புதன்கிழமை. ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம், வர்த்தகம் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே பங்குச்சந்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. கணக்குப் புத்தகத்தில் 5,361 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் காட்டியிருக்கிறோம், அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் அவரே எழுதியிருந்தார். முந்தைய நாள் 179 ரூபாயை ஒட்டி முடிந்த பங்கு, அன்று மாலை 40 ரூபாயை ஒட்டி நின்றது.

அன்று முதல், திறன்மிகு சந்தை என்ற பேச்சை யார் எடுத்தாலும் எதிரில் இருப்பவர் சத்யத்தை எடுத்து வைப்பார். பல வருடம் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறார்கள், சந்தைக்குத் தெரியவே இல்லை, அப்புறம் என்ன எஃபிஷியன்ட் மார்க்கெட் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. சத்யம் ஒன்றைத் தெளிவாக உடைக்கிறது, இன்னொன்றுக்கு ஆதரவாகக்கூட நிற்கிறது, மூன்றாவதைப் பற்றி அனேகமாக ஒன்றும் சொல்லவில்லை. எந்தச் சான்று எந்த வடிவத்தைத் தொடுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை.

மூன்று வடிவங்கள் எதைச் சொல்கின்றன

அடிப்படைக் கூற்று இதுதான்: ஒரு பங்கைப் பற்றிய தகவல் ஏற்கெனவே அதன் விலைக்குள் ஏறிவிட்டது, ஆகவே அந்தத் தகவலை வைத்து நீங்கள் தொடர்ந்து கூடுதல் லாபம் பார்க்க முடியாது. எந்தத் தகவல் என்பதில்தான் மூன்று வடிவங்களும் பிரிகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் ஃபாமா 1970-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தப் பிரிவினையைப் பரவலாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹாரி ராபர்ட்ஸ் இந்த வேறுபாட்டைப் பேசியிருந்தார். ஃபாமாவுக்கு 2013-ல் நோபல் பரிசு கிடைத்தது; சந்தை அவ்வளவு அறிவாளி இல்லை என்று வாதிட்ட ராபர்ட் ஷில்லருக்கும் அதே வருடம் அதே பரிசில் பங்கு கிடைத்தது என்பது தனி வேடிக்கை.

பலவீன வடிவம், அதாவது வீக் ஃபார்ம், பழைய விலைகளையும் பழைய வர்த்தக அளவையும் மட்டும் பேசுகிறது. நேற்றுவரை விலை எப்படிப் போனது என்ற சார்ட்டை மட்டும் பார்த்து நாளைய லாபத்தை எடுக்க முடியாது என்கிறது. இடைவலு வடிவமான செமி-ஸ்ட்ராங் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காலாண்டு முடிவுகள், ஆண்டறிக்கை, டிவிடெண்ட் அறிவிப்பு, பத்திரிகைச் செய்தி என்று வெளியே வந்த எல்லாமே விலையில் உடனே ஏறிவிடும் என்பது அதன் கூற்று. வலுமிகு வடிவமான ஸ்ட்ராங் ஃபார்ம், இயக்குநர் அறைக்குள் மட்டும் தெரிந்த ரகசியம்கூட விலையில் இருக்கிறது என்கிறது.

இவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை. பழைய விலையும் பகிரங்கத் தகவல்தான். பகிரங்கத் தகவல் மொத்தத் தகவலில் ஒரு பகுதிதான். ஆகவே வலுமிகு வடிவம் உண்மை என்றால் மற்ற இரண்டும் தானாகவே உண்மை. தலைகீழாக, பலவீன வடிவமே பொய் என்று நிரூபித்துவிட்டால் மூன்றும் சேர்ந்து விழும். ஆனால் வலுமிகு வடிவம் மட்டும் விழுந்தால், மற்ற இரண்டின் நிலை என்ன என்று அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. சத்யம் விஷயத்தில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எனவே எந்தச் சான்று கையில் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த லாபத்தை எடுத்தவர் எந்தத் தகவலை வைத்து எடுத்தார்? சார்ட் மட்டும் என்றால் பலவீன வடிவத்தின் மீது விழுகிற அடி. எல்லோரும் படிக்கக்கூடிய கணக்கு என்றால் இடைவலு. கதவுக்குப் பின்னால் இருந்தது என்றால் வலுமிகு. அடுத்த கேள்வி, அந்த லாபம் செலவையும் ரிஸ்க்கையும் கழித்த பிறகும் மிஞ்சியதா என்பது. இதைக் கேட்காமல் விட்டால் பாதி சான்றுகள் உண்மையில் இருப்பதைவிடப் பலமாகத் தெரியும்.

சார்ட்டின் மீது வைக்கும் சோதனை

1953-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த புள்ளியியலாளர் மாரிஸ் கெண்டல், பிரிட்டிஷ் பங்குக் குறியீடுகள், சிகாகோ கோதுமை, நியூயார்க் பருத்தி என்று 22 விலைத் தொடர்களைப் பெரும்பாலும் வாரவாரியாக ஆராய்ந்தார். இந்த வாரத்து ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அடுத்த வாரத்தைக் கணிக்க உதவும் ஒழுங்கு ஏதாவது அகப்படுமா என்று தேடினார். பெரும்பாலும் அகப்படவில்லை. விலை ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல நகர்ந்தது. பலவீன வடிவத்துக்கு ஆதரவான சான்று என்றால் இதுதான் முன்மாதிரி: பழைய விலைக்கும் புதிய விலைமாற்றத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து, அது பூஜ்யத்தை ஒட்டி இருப்பதைக் காட்டுவது.

தொடர்பு இருக்கிறதா என்பதோடு சோதனை முடியாது. 1960-களில் ஃபில்டர் விதி என்று ஒன்றை நிறையப் பேர் சோதித்தார்கள். விலை அடிமட்டத்திலிருந்து இத்தனை சதவீதம் ஏறினால் வாங்கு, உச்சத்திலிருந்து அதே அளவு இறங்கினால் விற்றுவிடு, அவ்வளவுதான். ஃபாமாவும் மார்ஷல் ப்ளூமும் 1966-ல் டோ ஜோன்ஸ் குறியீட்டின் 30 பங்குகளில் இதை ஓட்டிப் பார்த்தார்கள். 0.5% என்ற மிகச் சிறிய ஃபில்டரில் லாபம் வரத்தான் செய்தது. ஆனால் அவ்வளவு சிறிய ஃபில்டர் என்றால் ஓயாமல் வாங்கி விற்க வேண்டும். கமிஷனைக் கழித்ததும் லாபம் காணாமல் போனது.

நம் ஊர்க் கணக்கில் இதைப் பார்ப்பது எளிது. டெலிவரியில் வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015%. புரோக்கரேஜே இல்லாத கணக்கு என்றாலும், ஒரு முறை வாங்கி விற்க 0.2 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. உங்கள் சார்ட் விதி ஒரு டிரேடுக்குச் சராசரியாக 0.15% கொடுக்கிறது என்றால், புள்ளியியல் ரீதியாக விலையில் ஒழுங்கு இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அதில் எடுக்கப் பணம் இல்லை. இப்படிப்பட்ட முடிவைப் பலவீன வடிவத்துக்கு எதிரான சான்றாக எண்ணுவதில்லை.

எதிரான சான்று எது என்றால், மொமென்டம். 1993-ல் நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் அமெரிக்கப் பங்குகளை 1965 முதல் 1989 வரை ஆராய்ந்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் நன்றாக ஏறியவற்றை வாங்கி, மோசமாகப் போனவற்றை ஷார்ட் அடித்து, அதாவது விலை இறங்கும் என்று இரவல் வாங்கி விற்று, அடுத்த ஆறு மாதம் வைத்திருந்தால் ஆண்டுக்கு சுமார் 12% கிடைத்தது. இதில் பயன்பட்டது பழைய விலை மட்டுமே. லாப நஷ்டக் கணக்கோ, பங்கின் விலை அதன் லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் பி/இ விகிதமோ எதுவும் தேவைப்படவில்லை. ஆகவே இது நேராகப் பலவீன வடிவத்தின் மீது விழுகிறது. இன்றைக்கு என்எஸ்இயே மொமென்டம் பங்குகளுக்கென்று குறியீடு வைத்திருக்கிறது.

இதற்கு ஃபாமா பக்கத்தார் சொல்லும் பதிலும் லேசானது அல்ல. இந்த உத்தி சில சமயம் மிகக் கொடூரமாகத் திரும்பிக் கடிக்கும். 2009 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்கச் சந்தை எழுந்தபோது, அதுவரை மண்ணோடு மண்ணாகக் கிடந்த பங்குகள்தான் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக ஏறின. அவற்றை ஷார்ட் அடித்து வைத்திருந்தவர்கள் சில மாதத்தில் பெரும் நஷ்டம் கண்டார்கள். அப்படியானால் அந்த 12% இந்த ஆபத்தைச் சுமந்ததற்கான கூலியாகவும் இருக்கலாம். எனக்கு இந்த வாதம் முழுத் திருப்தி தருவதில்லை. மூன்று வடிவங்களையும் சேர்த்து அசைக்கிற சான்றுகளில் மொமென்டம்தான் வலுவானது என்றே நினைக்கிறேன்.

சத்யத்தின் சார்ட்? 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சத்யம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில மணி நேரத்தில் கைவிட்டது. மறுநாள் பங்கு 30% விழுந்து 158 ரூபாய் அருகில் முடிந்தது. அதன் பிறகு ஏற்ற இறக்கங்களோடு ஜனவரி 6-ல் 179-ஐ ஒட்டி வந்தது. அந்த இரண்டு முனைகளை மட்டும் பார்த்தால் பங்கு தேறி வருவதுபோலத்தான் தெரியும். மறுநாள் நடக்கப்போவது அந்தக் கோட்டில் எங்கும் இல்லை. ஒரே ஒரு பங்கு என்பதால் இதைச் சான்று என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் பலவீன வடிவத்தோடு இது மோதவும் இல்லை.

செய்தி வந்ததும் விலை என்ன செய்கிறது

இடைவலு வடிவத்தைச் சோதிக்கும் முறைக்கு நிகழ்வு ஆய்வு என்று பெயர். ஒரு செய்தி வெளியான நாளை மையமாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் விலை எப்படி நடந்தது என்று பார்ப்பது. சந்தை மொத்தமாக ஏறி இறங்கியதைக் கழித்துவிட்டு, அந்தச் செய்தியால் மட்டும் வந்த மாற்றத்தைத் தனியே எடுக்க வேண்டும்.

சத்யத்தில் போட்டுப் பார்க்கலாம். ஜனவரி 7 அன்று பங்கின் வீழ்ச்சி 77.7%. அதே நாளில் சென்செக்ஸ் 7.25% விழுந்தது.

```
அசாதாரண வருவாய் = பங்கின் வருவாய் − சந்தையின் வருவாய்
               = −77.7% − (−7.25%)
               = −70.45%
```

இந்தக் கணக்கில் ஒரு சிறு கோளாறு இருக்கிறது. சத்யம் அப்போது சென்செக்ஸுக்குள்ளேயே இருந்தது. தவிர, அந்தச் செய்தியேதான் மற்றப் பங்குகளையும் இழுத்துக்கொண்டு போனது. ஆகவே கழிக்கிற 7.25 சதவீதத்திலும் சத்யத்தின் பங்கு இருக்கிறது. ஆய்வாளர்கள் இதைவிட நுணுக்கமாகச் செய்வார்கள் என்றாலும் யோசனை இதுதான்.

இனி முக்கியமான விஷயம். ஒரே நாளில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி என்பது இடைவலு வடிவத்துக்கு எதிரான சான்று என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. தகவல் பகிரங்கமான அன்றே, கடிதத்தின் கனத்துக்கு ஏற்ற அளவில் விலை விழுந்தது. இடைவலு வடிவம் எதிர்பார்ப்பதே இப்படியொரு செங்குத்தான தாவலைத்தான். முதல் நாள் 10%, மறு வாரம் 8%, அடுத்த மாதம் 15% என்று விலை மெல்ல மெல்ல இறங்கியிருந்தால்தான் சிக்கல். அப்போது கடிதத்தைப் படித்துவிட்டு நிதானமாக ஷார்ட் அடித்தவருக்கும் பணம் கிடைத்திருக்கும். அறிவிப்புக்குப் பிறகான நாட்களில் அசாதாரண வருவாய் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஆதரவு, ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போனால் எதிர்ப்பு. தாவலின் பருமனைப் பார்க்காதீர்கள், தாவலுக்குப் பின் வருவதைப் பாருங்கள்.

சத்யம் அடுத்த வர்த்தக நாளிலும் பெரிதாக விழுந்ததே, அது தாமதம் ஆகாதா என்று கேட்கலாம். ஆனால் கடிதத்துக்குப் பிறகும் கம்பெனியைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவை புதுத் தகவல்கள். ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, இது பழைய செய்தியின் எச்சமா புதிய செய்தியின் விளைவா என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் நிகழ்வு ஆய்வில் நூற்றுக்கணக்கான நிகழ்வுகளை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் நால்வரும் 1969-ல் நியூயார்க் பங்குச்சந்தையின் 940 பங்குப் பிரிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். பிரிப்புக்கு முந்தைய மாதங்களில் விலை நன்றாக ஏறியிருந்தது. பிரிப்புக்குப் பிறகு சராசரிக் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. ஸ்பிளிட் அறிவித்த பிறகு ஓடிப்போய் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

சோதிப்பவரை ஏமாற்றும் ஒரு பொறி இந்தியத் தரவில் இருக்கிறது. சத்யம் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் நடக்கும் எஃப்&ஓ பட்டியலில் இருந்ததால், ஒரு நாளில் விலை இவ்வளவுக்கு மேல் நகரக் கூடாது என்ற நிலையான சர்க்யூட் வரம்பு அதற்குக் கிடையாது; அதனால்தான் ஒரே நாளில் அவ்வளவு ஆழம் போக முடிந்தது. 5% சர்க்யூட் உள்ள சிறு பங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தியால் அதன் நியாயமான விலை 30% குறைகிறது என்றால், தினம் 5% வீதம் லோயர் சர்க்யூட் அடித்து அந்த இடத்துக்கு வர ஏழு வர்த்தக நாள் ஆகும். வரைபடத்தில் பார்த்தால் சந்தை மந்தமாகச் செய்தியை ஜீரணிப்பதுபோல இருக்கும். உண்மையில் முதல் நிமிடத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. விற்பவர் வரிசையில் நிற்கிறார், வாங்க ஆள் இல்லை. அந்த ஏழு நாளில் யாரும் லாபம் எடுக்க முடியாது என்பதால் இது எதிர்ச் சான்று ஆகாது. வர்த்தக அளவு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்தால் இந்தப் பொறி தெரிந்துவிடும்.

உண்மையான எதிர்ச் சான்று காலாண்டு முடிவுகளில் கிடைத்தது. ரே பால், ஃபிலிப் பிரவுன் இருவரும் 1968-ல் கவனித்தது இது: எதிர்பார்த்ததைவிட நல்ல லாபம் காட்டிய கம்பெனிகளின் விலை, அறிவிப்புக்கு முன்பே பெரும்பகுதி ஏறிவிடுகிறது, ஆனால் அறிவிப்புக்குப் பிறகும் கொஞ்ச காலம் அதே திசையில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. 1989-ல் விக்டர் பெர்னார்டும் ஜேக்கப் தாமஸும் இந்த ஊர்தலை இன்னும் கூர்மையாக அளந்தார்கள். மிக நல்ல ஆச்சரியம் தந்த பத்தில் ஒரு பங்கினரை வாங்கி, மிக மோசமான பத்தில் ஒரு பங்கினரை ஷார்ட் அடித்தால், அடுத்த 60 வர்த்தக நாட்களில் சுமார் 4% கிடைத்தது. ரிசல்ட் பேப்பரில் வந்துவிட்டது, எல்லோரும் படித்துவிட்டார்கள், இருந்தும் விலை முழுதாக அசையவில்லை. இடைவலு வடிவத்துக்கு எதிராக ஒரே ஒரு உதாரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கதவுக்குப் பின்னால்

மறுபடி ராஜுவின் கடிதத்துக்கு வருவோம். 2008 செப்டம்பர் காலாண்டுக்கு சத்யம் வெளியிட்ட வருமானம் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம் 649 கோடி, அதாவது 24%. கடிதம் தந்த உண்மைக் கணக்கு வேறு: வருமானம் 2,112 கோடி, லாபம் 61 கோடி, வெறும் 3%. சந்தை 24 சதவீதத்தை நம்பி விலை வைத்தது. இடைவலு வடிவம் அதற்கு மேல் எதையும் சந்தையிடம் கேட்பதில்லை. வெளியே வந்த தகவல் விலையில் இருக்க வேண்டும், வெளியே வந்தது பொய் என்றால் விலையிலும் அந்தப் பொய்தான் இருக்கும். வெளியிட்ட கணக்கிலிருந்தே யாராவது சந்தேகத்தைத் தோண்டி எடுத்து, அதை வைத்துப் பணம் பண்ணியிருந்தால் அப்போது அது இடைவலு வடிவத்தின் பிரச்சினை ஆகியிருக்கும்.

ஆனால் வலுமிகு வடிவம் அந்த 3 சதவீதத்தையும் விலையில் எதிர்பார்க்கிறது. அது அங்கே இல்லை. உள்ளே இருந்த சிலருக்கு உண்மை தெரியும், 179 ரூபாய்க்கு அந்தப் பங்கு பெறுமானம் இல்லை என்று தெரியும், அந்த விலையில் விற்கவும் வழி இருந்தது. உள்ளேயிருப்பவர் ரகசியத்தை வைத்து லாபம் பார்க்க முடிகிறது என்றாலே வலுமிகு வடிவம் உடைந்துவிட்டது. கோட்பாட்டை உருவாக்கியவர்களே அதை ஓர் எல்லைக்கோடாகத்தான் வைத்தார்கள், நடைமுறை உண்மையாக அல்ல. உள்தகவல் வர்த்தகத்தைத் தண்டிக்கச் சட்டம் இருப்பதே, அதில் காசு இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதால்தானே.

எது உள்தகவல், எது பகிரங்கம் என்ற கோடு எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு ஓர் இந்திய வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1996 மார்ச் 25-ல் இந்துஸ்தான் லீவர், யூனிட் டிரஸ்டிடமிருந்து புரூக் பாண்ட் லிப்டனின் 8 லட்சம் பங்குகளை 350.35 ரூபாய் வீதம் வாங்கியது. அது அன்றைய சந்தை விலையைவிட ஏறத்தாழ 10% கூடுதல். ஏப்ரல் 19-ல் இரண்டு கம்பெனிகளும் இணைவதாக அறிவிப்பு வந்தது. இரண்டுமே யூனிலீவர் குடையின் கீழ் இருந்தவை, ஆகவே இணைப்பு வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே லீவர் வாங்கியது என்றது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி. யூனிட் டிரஸ்டுக்கு இழப்பீடு தரும்படியும் 1998-ல் உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்கவில்லை. இணைப்புச் செய்தி முன்பே பத்திரிகைகளில் வந்துவிட்டது, அது பொதுவாகத் தெரிந்த தகவல்தான் என்ற வாதம் ஏற்கப்பட்டது. பிறகு செபி விதிகளைத் திருத்தி, ஊகச் செய்திகளை வெளியான தகவலாகக் கொள்ள முடியாது என்று எழுதி வைத்தது.

நம் கேள்விக்கு இதன் பொருத்தம் என்ன? மேல்முறையீட்டின் பார்வைப்படி அந்தத் தகவல் பகிரங்கம். அப்படியானால் அதைக் கொண்டு யாராவது லாபம் எடுத்திருந்தால் இடிப்பது இடைவலு வடிவத்தை. செபியின் பார்வைப்படி அது உள்தகவல். அப்போது இடிப்பது வலுமிகு வடிவத்தை மட்டும். பரிவர்த்தனை ஒன்றேதான், தகவலை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பது மாறினால் சான்றின் இலக்கே மாறிவிடுகிறது.

இதோடு ஒட்டிய, தேர்வுகளில் தவறாமல் வரும் ஒரு குழப்பம். இயக்குநர் ஒருவர் தன் கம்பெனிப் பங்கை வாங்கி லாபம் பார்த்தார் என்றால் வலுமிகு வடிவத்துக்கு எதிர். செபி விதிப்படி ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் அந்த விவரம் வெளியாக வேண்டும். அது பங்குச்சந்தையின் இணையதளத்தில் வந்துவிடும். இப்போது வெளியாள் ஒருவர் அந்த அறிவிப்பைப் பார்த்து அதே பங்கை வாங்கி, செலவு போகக் கூடுதல் லாபம் தொடர்ந்து எடுக்கிறார் என்றால்? பலர் இதையும் வலுமிகு பக்கத்தில் எழுதிவிடுவார்கள். ஆனால் வெளியாள் பயன்படுத்தியது பகிரங்க அறிவிப்பு. இது இடைவலு வடிவத்துக்கு எதிரானது. நெஜாத் செய்ஹுன் 1986-ல் அமெரிக்கத் தரவில் இதைப் பார்த்தபோது, உள்ளேயிருப்பவர்கள் லாபம் பார்த்தார்கள், அவர்களைப் பின்தொடர்ந்த வெளியாட்களுக்குச் செலவு போக ஒன்றும் மிஞ்சவில்லை. வலுமிகு உடைகிறது, இடைவலு நிற்கிறது.

வலுமிகு வடிவத்துக்கு ஆதரவாகவும் ஒன்றிரண்டு உண்டு. மைக்கேல் ஜென்சன் 1968-ல், 1945 முதல் 1964 வரை 115 அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளைப் பார்த்து, சராசரியாக அவை சந்தையை வெல்லவில்லை என்று காட்டினார். தொழில்முறை மேனேஜர்களுக்கு நம்மைவிடக் கூடுதல் தகவல் இருக்கும், அவர்களாலேயே முடியவில்லை என்பதால் இதை வலுமிகு வடிவத்துக்கு ஆதரவு என்று அந்தக் காலத்தில் எண்ணினார்கள். மேனேஜர்களும் பெரும்பாலும் அதே ஆண்டறிக்கைகளைத்தானே படிக்கிறார்கள். என் கணக்கில் இது இடைவலு வடிவத்துக்கான ஆதரவு, அதற்கு மேல் இல்லை.

சேலஞ்சர் கதை இதைவிடச் சுவாரசியம். 1986 ஜனவரி 28 காலை 11:39-க்கு அந்த விண்வெளி ஓடம் வெடித்தது. முக்கிய ஒப்பந்ததாரர்கள் நால்வர்: லாக்ஹீட், மார்ட்டின் மரியெட்டா, ராக்வெல், மார்ட்டன் தயோகால். யார் செய்த பாகத்தில் கோளாறு என்று அன்று யாரும் பகிரங்கமாகச் சொல்லவில்லை. ஆனால் மாலைக்குள் தயோகால் கிட்டத்தட்ட 12% விழுந்திருந்தது, மற்ற மூன்றும் சுமார் 3 சதவீதத்தோடு நின்றுவிட்டன. தயோகால் செய்த ராக்கெட் பூஸ்டரின் ஓ-ரிங்தான் காரணம் என்று விசாரணைக் குழு ஜூன் மாதம்தான் அறிக்கை தந்தது. யாரோ சிலருக்குத் தெரிந்தது, அவர்கள் வாங்கி விற்றதன் வழியாக எல்லோருக்குமான விலைக்குள் வந்துவிட்டது என்று இதைப் படிக்கிறார்கள். ரகசியம் சில நேரம் கசிந்து விலையில் ஏறும் என்பதை இது காட்டுகிறது. எப்போதும் ஏறும் என்பதைக் காட்டவில்லை. சத்யம் அதற்கு நேர் எதிர் உதாரணம்.

எல்லாச் சான்றுக்கும் இருக்கிற ஒரு ஓட்டை

பி/இ விகிதம் குறைந்த பங்குகள் நீண்ட காலத்தில் மற்றவற்றைவிட அதிகம் தந்தன என்று ஓர் ஆய்வு சொல்வதாக வைத்துக்கொள்வோம். பி/இ எல்லோருக்கும் தெரிகிற எண், ஆகவே இடைவலு வடிவத்துக்கு எதிரானது என்று பெட்டியில் போடலாம். ஆனால் கூடுதல் லாபம் என்று சொல்லும்போது எதைவிடக் கூடுதல்? இந்தப் பங்குக்கு நியாயமாக இவ்வளவு வருவாய் வந்திருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியை வைத்துக் கணக்கிட்டு, அதைவிடக் கூடுதல் என்கிறோம். பி/இ குறைந்த பங்குகள் தள்ளாடுகிற கம்பெனிகளாக இருந்து, அந்த ஆபத்தை நம் மாதிரி கணக்கில் எடுக்கவில்லை என்றால், தவறு சந்தையில் இல்லை, மாதிரியில் இருக்கிறது. ஒவ்வொரு சோதனையும் இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறது, தோற்றது எது என்று அது சொல்வதில்லை. கூட்டுக் கருதுகோள் சிக்கல் என்பது இதுதான்.

இந்த ஓட்டை எல்லாச் சான்றையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. பி/இ போன்ற பல வருட ஒப்பீடுகளில் மாதிரி சற்றுத் தவறினாலும் முடிவு தலைகீழாகும். ஒரு நாள் நிகழ்வு ஆய்வில் அப்படி ஆகாது. ஒரு பங்கின் நியாயமான தினசரி வருவாய் 0.05 சதவீதமா 0.08 சதவீதமா என்ற சண்டை, 77.7% வீழ்ச்சிக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை. செய்தி விலையில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்ற கேள்விக்கு நம்பகமான பதில் கிடைப்பதும், விலை சரியான அளவில் இருக்கிறதா என்ற கேள்விக்குக் கிடைக்காததும் இதனால்தான்.

கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்க

சில கூற்றுகளை வைத்துப் பழகலாம். ஒவ்வொரு ஜனவரியிலும் சிறு கம்பெனிப் பங்குகள் அதிகம் தருகின்றன, டிசம்பரில் வாங்கி வைத்தால் போதும் என்கிறார் ஒருவர். அமெரிக்காவில் 1970, 80-களில் இது பெரிய பேச்சாக இருந்தது. பயன்பட்ட தகவல் நாட்காட்டியும் பழைய விலைகளில் தெரிந்த ஒழுங்கும்; வழக்கமாக இதைப் பலவீன வடிவத்துக்கு எதிரில் வைப்பார்கள். சிறு பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அதிகம் என்பதால் செலவுக் கேள்வியை இங்கே கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

ஒரு கம்பெனி நல்ல ரிசல்ட் தந்த மறுநாள் அதன் விலை விழுந்தது, ஆகவே சந்தை முட்டாள் என்கிறார் இன்னொருவர். எந்த வடிவத்துக்கும் எதிர் இல்லை. சந்தை அதைவிட நல்ல ரிசல்ட்டை எதிர்பார்த்து முன்பே ஏற்றி வைத்திருந்தது. ஏமாற்றம்தான் புதுச் செய்தி.

போன வருடம் ஒரு ஃபண்ட் மேனேஜர் சந்தையை 20% முந்தினார். இதுவும் எதற்கும் எதிர் இல்லை. ஆயிரம் மேனேஜர்கள் கண்ணை மூடிக்கொண்டு பங்கு பொறுக்கினாலும் சிலர் பெரிதாக முந்துவார்கள். கூட்டத்தில் முந்தியவர்களே அடுத்தடுத்த வருடங்களிலும் முந்துகிறார்களா என்பதுதான் கேள்வி.

கடைசியாகக் கொஞ்சம் வில்லங்கமான ஒன்று. ஆறு மாதமாக விழுந்துகொண்டிருக்கும், அதோடு கடனே இல்லாத கம்பெனிகளை மட்டும் பொறுக்கி வாங்கினால் செலவும் ரிஸ்க்கும் போகக் கூடுதல் லாபம் வருகிறது; விழுந்ததை மட்டும் பார்த்து வாங்கினால் வருவதில்லை. பழைய விலை இதில் இருக்கிறது என்பதால் பலவீன வடிவம் என்று கை போகும். ஆனால் பழைய விலை தனியாக ஒன்றும் தரவில்லை, கடன் விவரம் சேர்ந்த பிறகுதான் லாபம் வந்தது. கடன் விவரம் இருப்பது ஆண்டறிக்கையில். ஆகவே இது இடைவலு வடிவத்துக்கும், அதைத் தனக்குள் வைத்திருக்கும் வலுமிகு வடிவத்துக்கும் எதிரான சான்று. பலவீன வடிவம் இதில் மாட்டவில்லை.